நான்காம் அலை எங்கே முடிந்தது? பிட்காயின் சார்ட்டில் மோதிய இரண்டு எண்ணிக்கைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2022-ஆம் ஆண்டின் முதல் பாதியில் நடந்தது. நாங்கள் மூன்று பேர். ஞாயிறுதோறும் பிட்காயினின் வார சார்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவது வழக்கம். ஒருவர் என் நண்பர். அலை எண்ணிக்கையை இரண்டு ஆண்டுகளாக ஊன்றிப் படித்தவர். மற்றவர் எங்களைவிட அனுபவத்தில் மூத்தவர். நாங்கள் இருவரும் அவரை அக்கா என்றே அழைப்போம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். நான் அன்று பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தவன். பேசியதைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால்தான் தேதியும் விலையும் இன்று கையில் இருக்கின்றன. இருவரின் அனுமதியோடு எழுதுகிறேன்.

அலை எண்ணிக்கை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் ரால்ஃப் நெல்சன் எலியட் என்ற அமெரிக்கக் கணக்காளர் பங்குச் சந்தைக் குறியீடுகளைப் பார்த்து உருவாக்கிய முறை இது. ஒரு போக்கு ஐந்து அலைகளாக நகரும், அதன் பிறகு ஏ, பி, சி என்ற மூன்று அலைகளில் எதிர்த் திசையில் ஒரு திருத்தம் வரும் என்பது அடிப்படை. மீறக்கூடாத விதிகள் மூன்றுதான். இரண்டாம் அலை, முதல் அலை தொடங்கிய இடத்துக்குக் கீழே போகக்கூடாது. ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய அலைகளில் மூன்றாவது மிகக் குட்டையானதாக இருக்கக்கூடாது. நான்காம் அலை, முதல் அலையின் உச்சிக்குக் கீழே இறங்கக்கூடாது. மற்றவை எல்லாம் ‘பொதுவாக இப்படி இருக்கும்’ என்ற வகையைச் சேர்ந்த வழிகாட்டல்கள். இந்த நிகழ்வின் சிக்கல் முழுவதும் அந்தப் ‘பொதுவாக’ என்ற சொல்லுக்குள் இருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2022 தொடக்கத்தில் சார்ட் காட்டியது

விலைகளை ஏறத்தாழ டாலரில் தருகிறேன். ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் கொஞ்சம் மாறும்.

2018 டிசம்பரில் 3,120-இல் அடித்தளம். 2019 ஜூனில் 13,880 வரை ஏற்றம். 2020 மார்ச்சில் பெருந்தொற்று அச்சத்தில் 3,850-க்குச் சரிவு. அங்கிருந்து 2021 ஏப்ரலில் 64,900. ஜூனில் 28,800. நவம்பர் 10 அன்று 69,000. பிறகு 2022 ஜனவரி 24 அன்று 33,000.

இதில் முதல் மூன்று அலைகளைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. 3,120-இலிருந்து 13,880 வரை ஒன்று. 3,850 வரை இறங்கியது இரண்டு. 64,900 வரை ஏறியது மூன்று. விவாதம் தொடங்கியது அதற்குப் பின்னால்தான்.

நண்பரின் எண்ணிக்கைப்படி ஏற்றம் இன்னும் முடியவில்லை. ஏப்ரல் உச்சிக்குப் பிறகு நடந்த எல்லாமே நான்காம் அலை. 28,800 வரை இறங்கியது அதன் ஏ, 69,000 வரை ஏறியது பி, 33,000 வரை இறங்கியது சி. தொடங்கிய இடத்தைத் தாண்டி பி மேலே போய்வருவது ஃபிளாட் என்ற திருத்த வடிவத்தில் உண்டு. ஆக, 33,000-இல் நான்கு முடிந்துவிட்டது, இனி ஐந்தாவது. இதைத் தொடரும் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம்.

அக்காவின் எண்ணிக்கைப்படி ஏற்றம் முடிந்துவிட்டது. 28,800 வரை இறங்கியதே நான்காவது, 69,000 வரை ஏறியதே ஐந்தாவது. இனி வருவது மொத்த ஏற்றத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய திருத்தம். இது முடிந்த எண்ணிக்கை.

இரண்டையும் மூன்று விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டாம் அலை 3,850-இல் நின்றது, 3,120-ஐத் தொடவில்லை. மூன்றாம் அலை 61,000 டாலர் நீளம். எந்தக் கணக்கிலும் குட்டை அல்ல. நான்காம் அலை 28,800 வரை இறங்கியிருந்தாலும் 13,880-க்கு வெகு மேலே. இரண்டு எண்ணிக்கையும் முழு மதிப்பெண் வாங்கின. ஒன்று வாங்கச் சொன்னது, மற்றது விற்கச் சொன்னது.

ஒரே ஏற்றம் மூன்றாகவும் ஐந்தாகவும்

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் தன்விருப்பம் உள்ளே நுழையும் இடம் இதுதான். 2021 கோடையிலிருந்து நவம்பர் வரையிலான ஏற்றம் பி அலை என்றால் அதற்குள் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும். ஐந்தாம் அலை என்றால் ஐந்து பகுதிகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எண்ணிப் பார்த்தோம். செப்டம்பர் 7 அன்று 52,900 வரை ஓர் ஏற்றம், செப்டம்பர் 21 அன்று 39,600 வரை ஓர் இறக்கம், பிறகு 69,000 வரை ஓர் ஏற்றம். மூன்று பகுதிகள். நண்பருக்குச் சாதகம்.

ஆனால் முதல் பகுதியை உற்றுப் பார்த்தால், ஜூலையின் 29,300-இலிருந்து ஆகஸ்ட் 1 அன்று 42,600-ஐ எட்டி, 37,300-க்கு இறங்கி, அதன் பிறகே 52,900-க்குப் போயிருக்கிறது. அந்தச் சின்ன இறக்கத்தையும் தனிப் பகுதியாக எடுத்தால் மொத்தம் ஐந்து. அக்காவுக்குச் சாதகம். ஆனால் அப்படி எண்ணினால் உள்ளே இருக்கும் நான்காவது பகுதி 39,600 வரை இறங்கி, முதல் பகுதியின் உச்சியான 42,600-க்குக் கீழே போய்விடுகிறது. மூன்றாவது விதி உடைகிறது. இதற்கும் முறையில் ஒரு விலக்கு இருக்கிறது: டயகனல் என்ற வடிவத்தில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். கடைசி அலையில் அது வரலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே ஐந்தாம் அலையை விரிந்துகொண்டே போகும் டயகனல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

நண்பரின் எண்ணிக்கையும் விலக்கு இல்லாமல் நிற்கவில்லை. ஃபிளாட்டில் சி அலை, ஏ முடிந்த இடத்துக்குக் கீழே போய் முடிவதுதான் வழக்கம். 33,000 என்பது 28,800-க்கு மேலே. அப்படி எட்டாமல் நின்றால் அதற்கு ரன்னிங் ஃபிளாட் என்று பெயர். அரிதான வடிவம் என்று பாடத்திலேயே எழுதியிருக்கும்.

ஆக, ஒவ்வொருவரும் ஓர் அரிய விலக்கைத் துணைக்கு அழைத்தோம். ஆகஸ்டில் ஒரு சின்ன இறக்கத்தை எண்ணுவதா விடுவதா என்ற ஒரே முடிவில் முழுப் படமும் தலைகீழாகிறது. அந்த முடிவை எடுக்க முறையில் எந்த அளவுகோலும் இல்லை. ஓர் இறக்கம் எத்தனை விழுக்காடு இருந்தால், எத்தனை நாள் நீடித்தால் அது தனி அலை என்று யாரும் வரையறுத்துவைக்கவில்லை. கண்தான் முடிவு செய்கிறது. கண்ணுக்குப் பின்னால் இருப்பவர் முன்பே வாங்கியிருக்கிறாரா, வாங்கத் துடிக்கிறாரா என்பதும் அதில் கலந்துவிடுகிறது.

அளவுகோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 64,900-இலிருந்து 28,800-க்கு நடந்த இறக்கம், மூன்றாம் அலையில் எத்தனை பங்கைத் திருப்பிக் கொடுத்தது? சாதாரண அளவுகோலில் கணக்கிட்டால் 59 விழுக்காடு. ஒவ்வொரு மடங்கு ஏற்றத்துக்கும் ஒரே உயரம் தரும் லாக் அளவுகோலில் கணக்கிட்டால் 29 விழுக்காடு. நான்காம் அலை பொதுவாக ஆழமில்லாமல், 38 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் என்பது வழிகாட்டல். 59 என்றால் ‘இது நான்காம் அலைக்கு மிக ஆழம்’ என்று சொல்லலாம். 29 என்றால் ‘நன்றாகவே பொருந்துகிறது’ என்று சொல்லலாம். பதின்மூன்றே மாதங்களில் விலை பதினாறு மடங்குக்கும் மேல் ஏறும் சந்தையில் இந்த வேறுபாடு சின்னது அல்ல. மெதுவாக நகரும் பங்குக் குறியீடுகளில் இது இந்த அளவுக்கு உறுத்தாது.

எந்த எக்ஸ்சேஞ்சின் சார்ட் என்பதும் உண்டு. 2020 மார்ச் அடித்தளம் சில தளங்களில் 3,850. ஒரு டெரிவேட்டிவ் தளத்தில் 3,600-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. இந்த நிகழ்வில் அது எதையும் மாற்றவில்லை. ஆனால் ஒரு விதி சில நூறு டாலரில் பிழைக்கும் இடங்களில், விதியின் தலைவிதி நீங்கள் எந்தத் தளத்தைத் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

மார்ச் 2022: நண்பரின் முடிவு

மார்ச் மாத இறுதியில் விலை 48,000-ஐத் தொட்டது. 33,000-இலிருந்து இரண்டு மாதத்தில் நல்ல ஏற்றம். ஐந்தாம் அலை தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நண்பர் நினைத்தார்.

இலக்கையும் கணக்கிட்டார். முதல் அலையின் தொடக்கத்திலிருந்து மூன்றாம் அலையின் உச்சி வரை 61,800 டாலர். அதை 33,000-உடன் கூட்டினால் 94,800. அந்தத் தூரத்தில் 61.8 விழுக்காட்டை மட்டும் கூட்டினால் 71,200 வரும். அதுவும் அதே அளவுக்கு ஏற்கப்பட்ட விகிதம்தான். அவர் 94,800-ஐ எடுத்துக்கொண்டார். இலக்குக்குச் சாதாரண அளவுகோலையும், நான்காம் அலையின் ஆழத்துக்கு லாக் அளவுகோலையும் பயன்படுத்தியதை அன்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை. என் குறிப்பேட்டில் இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

ஒதுக்கிவைத்திருந்த தொகை 12,000 டாலர். மார்ச் 28 அன்று அதில் பாதியை, 6,000 டாலரை, 47,400 விலையில் போட்டார். கடன் வாங்கவில்லை, லீவரேஜ் இல்லை. அந்த வகையில் கட்டுப்பாடாகத்தான் நடந்துகொண்டார்.

அக்கா கேட்ட ஒரு கேள்வி என் குறிப்பில் இருக்கிறது.

“தம்பி, உன் எண்ணிக்கை தப்பு என்று எந்த விலையில் ஒப்புக்கொள்வாய்?”

“நான்காம் அலை முதல் அலைக்குள் நுழைந்தால், அக்கா. 13,880.”

பதில் முறைப்படி சரியானது. எங்கள் மூவருக்கும் அது ஒழுங்கான பதிலாகவே பட்டது. 47,400-இலிருந்து 13,880 என்பது 71 விழுக்காடு சரிவு என்று அந்த இடத்தில் ஒருவராவது வகுத்துப் பார்த்திருக்கலாம். நானும் பார்க்கவில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஏப்ரல் 11 அன்று விலை 40,000-க்கு வந்தது. ஐந்தாம் அலைக்குள் வரும் இரண்டாவது சிற்றலை என்று நண்பர் அடையாளமிட்டார். இரண்டாவது அலை ஆழமாக இறங்குவது இயல்புதான். 3,000 டாலருக்கு வாங்கினார்.

மே மாதத் தொடக்கத்தில், எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய டெர்ராவின் யுஎஸ்டி நாணயம் அந்த மதிப்பிலிருந்து நழுவத் தொடங்கியது. அதைத் தாங்கிப்பிடிக்க வைத்திருந்த பிட்காயின் கையிருப்பு சந்தைக்கு வந்தது. மே 9 அன்று நண்பர் மீதி 3,000 டாலரை 31,500-இல் போட்டார். 28,800 நிற்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மே 11 அன்று அது உடைந்தது. மறுநாள் சில தளங்களில் 26,000-க்கும் கீழே போய்விட்டு மேலே ஏறியது.

28,800 உடைந்ததும் 33,000-இல் முடிந்த ரன்னிங் ஃபிளாட் என்ற அடையாளம் செத்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை சாகவில்லை. இப்போது சி அலை ஏ-யைத் தாண்டிக் கீழே போய்விட்டது. ஆகவே இது வழக்கமான, இன்னும் அழகான எக்ஸ்பேண்டட் ஃபிளாட். அவர் ‘4’ என்ற எழுத்தை ஜனவரியிலிருந்து எடுத்து மே 12-க்கு நகர்த்தினார். உண்மையைச் சொன்னால், புதிய படம் பழையதைவிட ஒழுங்காகவே இருந்தது. அரிய விலக்கு எதுவும் தேவைப்படவில்லை. நட்டம் கூடக்கூட எண்ணிக்கை மேலும் நம்பத்தக்கதாகத் தோன்றியதை நான் வேறு எந்த முறையிலும் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

ஜூன் 10 அன்று அமெரிக்கப் பணவீக்கம் 8.6 விழுக்காடு என்று வந்தது. ஜூன் 12 அன்று செல்சியஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. அந்த வாரம் 26,600-ஐ ஒட்டி முடிந்தது. 28,800-க்குக் கீழே முடிந்த முதல் வாரம் அதுதான். ஜூன் 18 அன்று விலை 17,600 வரை சென்றது. அன்று நண்பர் எல்லாவற்றையும் 18,500-இல் விற்றார். அவரிடம் இருந்தது 0.297 பிட்காயின், கிடைத்தது ஏறத்தாழ 5,490 டாலர். போட்டதில் 54 விழுக்காடு போயிற்று.

விற்ற அன்றும் அவர் எண்ணிக்கை உடையவில்லை. 17,600 என்பது 13,880-க்கு மேலேதான். அவரை விற்கவைத்தது எண்ணிக்கை அல்ல. தூங்க முடியவில்லை என்பதுதான் காரணம் என்று அவரே சொன்னார். வெளியேற வேண்டிய இடத்தைத் தன் முறை சொல்லாதபோது உடம்பு சொல்லும், அது பெரும்பாலும் அடித்தளத்துக்கு அருகில்தான் சொல்லும்.

அக்காவின் பக்கம்

எண்ணிக்கை சரியாக அமைந்தவர் லாபம் பார்த்தார் என்று இந்த ஆய்வு முடிந்திருந்தால் எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. அக்காவின் எண்ணிக்கை சொன்ன திசையில்தான் சந்தை போனது. இருந்தும் அவர் நட்டப்பட்டார்.

முடிந்த எண்ணிக்கையை நம்பி அவர் ஜனவரி 27 அன்று 36,500-இல் ஷார்ட் செய்தார், அதாவது விலை இறங்கினால் லாபம் வரும்படி பணம் போட்டார். திருத்தத்தின் முதல் இறக்கம் இன்னும் நீளும் என்பது அவர் கணிப்பு. அது ஜனவரி 24-ஆம் தேதியே முடிந்திருந்தது. பிப்ரவரி முதல் வாரம் முடிந்தபோது விலை 42,000-ஐத் தாண்டியது. நட்டத்தை ஏற்று வெளியேற அவர் முன்பே குறித்துவைத்திருந்த ஸ்டாப் லாஸ் விலை அங்கேதான் இருந்தது. பெரிய திசை சரி, அதற்குள் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்பது தவறு. எண்ணிக்கைக்கு இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள். சந்தையில் பணம் போடுபவருக்கு இரண்டாவது கேள்விதான் முதலில் வந்து நிற்கும்.

வேறுபாடு நட்டத்தின் அளவில் இருந்தது. முறைப்படி பார்த்தால் அவர் எண்ணிக்கை 69,000-க்கு மேலேதான் தவறாகும். அவர் அதை ஸ்டாப்பாக வைக்கவில்லை. முதலில் தான் இழக்கத் தயாரான தொகையை முடிவு செய்தார்: கையிருப்பில் 2 விழுக்காடு. பிறகு சார்ட்டில் 42,000-ஐத் தேர்ந்தெடுத்தார்; நுழைவு விலையிலிருந்து 15 விழுக்காடு தூரம். 15 விழுக்காடு நகர்ந்தால் 2 விழுக்காடு மட்டும் போக வேண்டுமென்றால், கையிருப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்கு மேல் போடக்கூடாது. அவ்வளவுதான் போட்டார். எண்ணிக்கை அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வரவில்லை.

அதன் பிறகு ஜூன் வரை அவர் மீண்டும் ஷார்ட் செய்யவில்லை. ஒருமுறை அடிவாங்கியதும் தன் எண்ணிக்கையிலேயே ஐயம் வந்துவிட்டது என்றார். ஜூனில் சந்தை அவர் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று தாள்கள்

ஜூலையில் ஒரு சோதனை செய்தோம். 2018 முதல் 2022 ஜூன் வரையிலான வார சார்ட்டை, விலையும் தேதியும் தெரியாமல் தாளில் அச்சிட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. பென்சிலால் எண்ணிவிட்டு உறையில் போட்டு என்னிடம் தந்தார்கள். ஆறு வாரம் கழித்து அதே சார்ட்டில் மீண்டும் எண்ணினோம்.

நண்பர் முதல் தாளில் நான்காம் அலையைக் கடைசி அடித்தளத்தில் முடித்திருந்தார். ஆறு வாரம் கழித்து, ஐந்து அலையும் இரண்டாவது உச்சியில் முடிந்தது என்று எழுதினார்; அதாவது அக்காவின் எண்ணிக்கை. தாளை அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் அவருக்கே தெரிந்தது. அக்கா இரண்டு முறையும் ஒரே எண்ணிக்கை எழுதினார், ஆனால் உள் அலைகளில் பாதி இடம் மாறியிருந்தன. என் தாளில் மூன்றாவது ஒரு படம்: ஐந்து அலையும் முதல் உச்சியிலேயே, 64,900-இல், முடிந்துவிட்டன, 69,000 என்பது திருத்தத்தின் பி அலை. அதற்கும் விதிகளில் தடை இல்லை.

நண்பரின் முதல் தாளில் நான்காம் அலைப் பகுதி அழிப்பானால் தேய்ந்து மங்கியிருந்தது. முதல் இரண்டு அலைகள் இருந்த இடத்தில் ஒரு தாளிலும் அழித்த தடம் இல்லை. இந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த உருப்படியான தகவல் அதுதான். பழைய, பெரிய அலைகளில் மூவரும் தயங்காமல் ஒத்துப்போனோம்; வலது ஓரத்துக்கு நெருங்க நெருங்கப் பிரிந்தோம். பணம் போடும் முடிவு எப்போதும் வலது ஓரத்தில்தான் எடுக்கப்படுகிறது.

அதன் பிறகு நடந்தது

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் திவாலானது. விலை 15,500 வரை இறங்கியது. 13,880 தொடப்படவில்லை. 2024 மார்ச்சில் பிட்காயின் 69,000-ஐத் தாண்டியது, அந்த டிசம்பரில் 1,00,000-ஐக் கடந்தது.

நண்பரின் தொடரும் எண்ணிக்கையை இன்று ஒருவர் சார்ட்டில் வரைந்தால் பிழை சொல்ல முடியாது: நான்காம் அலை 15,500-இல் முடிந்தது, ஐந்தாவது இலக்கைத் தாண்டியது. அக்காவின் முடிந்த எண்ணிக்கையையும் பிழை சொல்ல முடியாது: பெரிய திருத்தம் 15,500-இல் முடிந்தது, அங்கிருந்து ஒரு புதிய ஐந்து அலை தொடங்கியது. எதிரெதிர் முடிவுகளைச் சொன்ன இரண்டு எண்ணிக்கையும் கடைசியில் சரியாகிவிட்டன. இரண்டையும் நம்பிப் பணம் போட்டவர்கள் இருவரும் நட்டப்பட்டார்கள்.

2024 மார்ச்சில் நண்பர் சற்று ஆற்றாமையோடு சொன்னார்: “என் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, அக்கா.” அக்கா கேட்டார்: “எந்த நான்கைச் சொல்கிறாய்?” என் குறிப்பேட்டில் பார்த்தோம். 33,000, மே மாத அடித்தளம், 17,600, கடைசியில் 15,500. நான்கு இடங்களில் அந்த ‘4’ நின்றிருந்தது. கடைசி இடத்தில் நின்றபோது அவர் கையில் பிட்காயின் இல்லை.

எங்கே வேறுவிதமாகச் செய்திருக்கலாம்

ஓர் இடத்தைத்தான் குறிப்பாகச் சொல்வேன். மார்ச்சில் இரண்டு எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி, 28,800-க்குக் கீழே போனால் ஒவ்வொன்றும் என்ன சொல்லும் என்று கேட்டிருக்க வேண்டும். முடிந்த எண்ணிக்கை ‘இன்னும் இறக்கம்’ என்றிருக்கும். தொடரும் எண்ணிக்கை ‘சி இன்னும் ஓடுகிறது, எங்கே நிற்கும் என்று தெரியாது’ என்றிருக்கும். அந்த விலைக்குக் கீழே பிட்காயினை வைத்திருக்கச் சொல்ல எந்த எண்ணிக்கையிடமும் காரணம் இல்லை. யார் எண்ணிக்கை சரி என்று தீர்க்காமலேயே இந்த ஒரு விலையைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

28,800-க்குக் கீழே ஒரு வாரம் முடிந்தால் வெளியேறுவது என்று எழுதிவைத்திருந்தால், ஜூன் 12 அன்று 26,600-ஐ ஒட்டி வெளியேறியிருப்பார். கையில் ஏறத்தாழ 7,900 டாலர் இருந்திருக்கும். நட்டம் 34 விழுக்காடு. அதுவும் பெரிய நட்டம்தான். அதைக் குறைக்க எண்ணிக்கையால் முடியாது, போடும் தொகையைக் குறைப்பதால்தான் முடியும். அதோடு, இது நடந்து முடிந்த பிறகு பார்த்துச் சொல்வது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மே 11 அன்று உடைந்த நொடியிலேயே விற்பது என்று விதி வைத்திருந்தால், விற்ற பிறகு விலை மேலே ஏறிச் சில வாரங்கள் 30,000-ஐச் சுற்றி நின்றதைப் பார்த்து மனம் நொந்திருப்பார். வார முடிவு என்ற நிபந்தனைக்கும் விலை உண்டு.

இப்போது நாங்கள் செய்வது

அலை எண்ணுவதை விட்டுவிடவில்லை. அது பதில் சொல்லும் கேள்வியைச் சுருக்கிக்கொண்டோம். வார சார்ட்டில் மட்டும் எண்ணுகிறோம். அதுவும் மாதம் ஒருமுறை. கேட்பது ஒன்றுதான்: நீண்ட ஏற்றம் ஒன்று நமக்குப் பின்னால் இருக்கிறதா, அல்லது நீண்ட திருத்தமா? 2022 மார்ச்சில் இதைக் கேட்டிருந்தால், 3,120-இலிருந்து 69,000 வரை இருபது மடங்குக்கும் மேல் ஏறிய பிறகு நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்கும். அது விற்கச் சொல்லும் சான்று அல்ல. ஒதுக்கிய தொகையில் பாதியை ஒரே நாளில் போடாதே என்று சொல்ல அது போதும்.

எண்ணிக்கை எழுதும்போது இரண்டாவது ஒன்றையும் கட்டாயம் எழுதுகிறோம், எதிர்த் திசையில், விதிகளை மீறாமல். எழுத முடியாமல் போனது இதுவரை ஒருமுறைகூட இல்லை. ஒவ்வொன்றும் செத்துப்போகும் விலையையும், இன்றைய விலையிலிருந்து அது எத்தனை விழுக்காடு தூரம் என்பதையும் பக்கத்தில் எழுதுகிறோம். அந்த எண் 71 போல இருந்தால், அந்த எண்ணிக்கை ஸ்டாப் வைக்கும் இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். ஸ்டாப்பும் தொகையும் அக்கா 2022 ஜனவரியில் செய்த அதே கணக்கில்தான் வருகின்றன.

அடையாளத்தை நகர்த்தலாம், ஆனால் பழைய படத்தை அழிக்கக்கூடாது. தேதி போட்டுச் சேமித்து, என்ன காரணத்துக்காக நகர்த்தினோம் என்று ஒரு வரி எழுதுகிறோம். பணம் போட்டிருக்கும் நாளில் நகர்த்தினால் அதைச் சிவப்பில் குறிக்கிறோம். நண்பரின் கோப்பில் சிவப்புக் குறிகள் நிறைய இருக்கின்றன. கடந்த ஓராண்டில் அவர் நகர்த்திய ஒவ்வொன்றும் அவர் வைத்திருந்த நிலைக்குச் சாதகமான பக்கமே போயிருக்கிறது. அதை எங்களுக்குக் காட்டியவரும் அவர்தான்.

புதிதாகப் பட்டியலிடப்பட்ட சின்ன நாணயங்களில் நாங்கள் எண்ணுவதே இல்லை. எட்டு மாத வரலாறு உள்ள சார்ட்டில், முதல் நாள் ஏற்றத்தை ஒன்று என்று அழைப்பதா மூன்று என்று அழைப்பதா என்பதற்கு இடது பக்கத்தில் எந்தச் சான்றும் இருக்காது.